பாவாடை தாவணி கேட்டால் லெஹங்கா வருகிறது: நிறம், கட்டு, ரவிக்கை எப்படி எழுதுவது?

குன்னூர்க்காரி

அம்மாவுக்கு அடுத்த மாதம் அறுபது முடிகிறது. 1980களில் கல்லூரியில் படித்தபோது சிம்ஸ் பூங்காவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று வீட்டில் இருந்தது. எங்கள் ஊர் ஈரம் தெரியுமே, பீரோவுக்குள்ளேயே பூஞ்சை பிடித்துவிட்டது. இப்போது முகமும் ஒரு தோளும்தான் மிச்சம். உடையைப் பற்றி அம்மா சொல்வது இது: அரக்குப் பாவாடை, மாம்பழ மஞ்சள் தாவணி, கிளிப்பச்சை ரவிக்கை. அதை வைத்து ஏஐ மூலம் ஓவியம் மாதிரி ஒரு படம் செய்து, பிரேம் போட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தேன்.

நான் முதலில் கொடுத்தது:

```
young Tamil woman in beautiful traditional half saree, Ooty background, misty
```

வந்த நான்கு படமும் ஒரே அச்சு. குடை மாதிரி விரிந்த லெஹங்கா, இரண்டு தோளிலும் தொங்கும் வலைத் துப்பட்டா, நெற்றிச்சுட்டி, உடம்பு முழுக்க ஜரிகை. அம்மா எந்த ஜென்மத்திலும் இப்படி உடுத்தியிருக்க மாட்டார். சரி என்று நிறங்களைச் சேர்த்தேன். "parrot green blouse" என்றதும் தோளில் ஒரு கிளி வந்து உட்கார்ந்துவிட்டது. "mango yellow" என்றதற்குத் தாவணி பார்டர் முழுக்க மாங்காய் டிசைன். யாராவது வழி சொல்லுங்கள்.

வெல்லிங்டன்85

சிம்பிள். எவ்வளவு நீளமாக எழுதுகிறீர்களோ அவ்வளவு துல்லியம். ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள். நிறத்துக்குப் பெயரே வேண்டாம், கம்ப்யூட்டர் நிறங்களைக் குறிக்கும் ஹெக்ஸ் எண் கொடுங்கள். வேண்டாததை எல்லாம் "no lehenga, no pleats, no net dupatta" என்று கடைசியில் சேர்த்துவிடுங்கள். ரவிக்கையில் தோடர் எம்பிராய்டரி என்று போட்டால் நீலகிரி லுக்கும் வந்துவிடும்.

கோத்தகிரி_தையல்கடை

பாப்பா, பாவாடை தாவணி தைக்கக் கேட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நாற்பது வருஷமாக இந்த வேலைதான் செய்கிறேன். நீங்கள் சொன்ன விவரம் பத்தாது. நோட்டில் நான் எழுதிக்கொள்வது இப்படி இருக்கும். பாவாடை நீளம் 39 இன்ச், இடுப்பில் சுருக்கு, நாடா, அடியில் பார்டர் இரண்டு இன்ச். தாவணி இரண்டரை மீட்டர், 44 இன்ச் அகலம், வாயில் துணியா நைலக்ஸா. ரவிக்கைக்குக் கழுத்து வட்டமா சதுரமா, முன் இறக்கம் எத்தனை, பின் இறக்கம் எத்தனை, கை நீளம், கை சாதாரணமா பஃப்பா, கொக்கி முன்னாலா பின்னாலா, லைனிங் உண்டா. இதில் ஒன்றைக் கேட்காமல் விட்டாலும் துணி திரும்பி வரும்.

80களில் காலேஜ் பெண்கள் தைத்ததென்றால் முழங்கைக்கு மேலே நிற்கும் பஃப் கை, வட்டக் கழுத்து, கொக்கி முன்னால். முதுகில் கயிறு கட்டிக் குஞ்சலம் தொங்கவிடுவதை எல்லாம் அப்போது எங்களிடம் யாரும் கேட்டதில்லை. அளவு ரவிக்கை ஒன்று கொண்டுவந்தால் ஒரு வாரத்தில் தைத்துத் தருகிறேன்.

குன்னூர்க்காரி

ஐயா, இது தைப்பதற்கு இல்லை, கம்ப்யூட்டரில் படம் வரையவைப்பதற்கு. 🙂 ஆனாலும் நீங்கள் கேட்ட கேள்விகளை அம்மாவிடம் கேட்டுப் பார்க்கிறேன். இதில் பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது.

கோத்தகிரி_தையல்கடை

ஓ, படமா. மன்னிக்கணும். பேரன்தான் இந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தான்.

கொடை_நிறக்காரன்

ஐயா மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். இதுவரை வந்ததில் உருப்படியான பதில் உங்களுடையதுதான். நான் கொடைக்கானலில் துணிக்கடைகளுக்குக் கேட்டலாக் படம் செய்கிறவன். இந்த மாடல்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அக்கா, உங்கள் முதல் வரியில் மாடல் பிடித்துக்கொண்டது "beautiful", "traditional", "half saree" மூன்றையும்தான். இணையத்தில் அந்தச் சொற்களோடு கிடக்கிற படங்களில் பெரும்பாலானவை கல்யாண சீசன் விளம்பரம். அதனால்தான் ஜரிகையும் நெற்றிச்சுட்டியும். "அழகான" என்ற சொல்லில் வரையக்கூடியது எதுவும் இல்லை. அந்த இடத்தில் "வட்டக் கழுத்து" என்று எழுதினால் வரைய ஒன்று கிடைக்கிறது. உடையின் பெயரை எழுதுவதைவிட, துணி எங்கே தொடங்கி எப்படிப் போய் எங்கே முடிகிறது என்று எழுதுங்கள். என் அனுபவத்தில் பெயரையே விட்டுவிட்டால் இன்னும் நல்லது. பெயர் இருந்தால் அது தனக்குத் தெரிந்த லெஹங்காவுக்கே திரும்பிப் போகும்.

வெல்லிங்டன் அண்ணா சொன்னது பாதி சரி. விவரம் வேண்டும், ஆனால் முழுப் பக்கம் வேண்டாம். கிளிப் என்ற பகுதியை வைத்து எழுத்தைப் படிக்கிற மாடல்களில் ஒரு தவணைக்கு 75 டோக்கன், அதாவது 75 சொல்துண்டுக்குத்தான் இடம். அதைத் தாண்டியதை சில மென்பொருள் வெட்டிவிடும், சில அடுத்த துண்டாகச் சேர்த்துக்கொள்ளும். சேர்த்தாலும் கடைசியில் எழுதியதற்குப் பிடி தளர்ந்துதான் இருக்கிறது. தமிழில் எழுதிப் பார்க்கிறவர்களுக்கும் இதுதான் சிக்கல். கிளிப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பழகியது, தமிழ் எழுத்தைப் பொடிப்பொடியாக உடைத்து எண்ணும். ஒரு "பாவாடை"க்கே ஏகப்பட்ட டோக்கன் போய்விடும், பயனும் இருக்காது. புதிய மாடல்கள் நீளமாகவும் வாங்கிக்கொள்கின்றன, தமிழும் ஓரளவு புரிகிறது. உங்களிடம் இருப்பது எது?

அப்புறம், "no pleats" என்று எழுதினால் மடிப்பு வரும். "pleats" என்ற சொல் உள்ளே போய்விட்டது, "no" அவ்வளவாக வேலை செய்யவில்லை. வேண்டாததை எழுதத் தனிப் பெட்டி இருந்தால் அதில் போடுங்கள். இல்லாவிட்டால் அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள்.

ஹெக்ஸ் எண்ணைப் பற்றி: சில புதிய மாடல்கள் ஏற்றுக்கொள்கின்றன. பழையவை அதை வெறும் எழுத்துக் குப்பையாகத்தான் பார்க்கும்.

தோடர் வேலைப்பாடு வேண்டவே வேண்டாம். அது வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்புமாக வருவது, அவர்கள் போர்த்தும் புத்துக்குளிக்கு உரியது. 2013இல் புவிசார் குறியீடும் வாங்கியது. கிளிப்பச்சை ரவிக்கையில் அதை ஒட்டினால் அம்மாவின் ரவிக்கையாகவும் இருக்காது, தோடர் வேலையாகவும் இருக்காது.

வெல்லிங்டன்85

தோடர் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஹெக்ஸ் எனக்கு வேலை செய்தது தம்பி, சும்மா சொல்லவில்லை.

கொடை_நிறக்காரன்

செய்திருக்கும் அண்ணா. ஆனால் பக்கத்திலேயே "yellow" என்றும் எழுதியிருந்தீர்களா? எண்ணை மட்டும் எடுத்துவிட்டு, படம் தொடங்குகிற சீடு எண்ணை மாற்றாமல் மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

பூம்பாறை_பூண்டு

என் தங்கை நிச்சயதார்த்தத்துக்கு மயில்கழுத்து நிறத்தில் பட்டுப்பாவாடை போட்டு ஒரு படம் கேட்டேன். கழுத்து முழுக்க மயில் இறகோடு வந்தது. தங்கை இன்னும் என்னோடு பேசவில்லை. நிறப் பெயரை மொழிபெயர்க்கிறவர்கள் கவனிக்கவும்.

கொடை_நிறக்காரன்

பூண்டு சொன்னதும் அக்காவின் கிளியும் ஒரே நோய். நமக்கு அரக்கு, மாம்பழம், வாடாமல்லி, வெங்காயத்தோல் என்று எல்லா நிறத்துக்கும் ஒரு பொருள்தான் பெயர். கேட்டதும் நம் கண்ணுக்கு நிறம் தெரியும். அதற்கோ பொருள் தெரியும். அதனால் பொருளைக் கழற்றிவிட்டு, மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்தக் குடும்பத்து நிறம், எந்தப் பக்கம் சாய்கிறது, வெளுப்பா அடர்த்தியா.

அரக்கை "maroon" என்று போட்டால் பல சமயம் ஒயின் நிறம் வரும், நீலம் பக்கம் சாய்ந்துவிடும். அரக்கு என்பது முத்திரை வைக்கிற அரக்கு. சிவப்பில் பழுப்பு கலந்தது. மடிப்பு நிழலில் கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும். "brownish red, dull" என்றால் பக்கத்தில் வருகிறது. மாம்பழ மஞ்சள் என்பது ஆரஞ்சு பக்கம் ஒரு சொட்டு சாய்ந்த அடர் மஞ்சள். கிளிப்பச்சை மஞ்சள் பக்கம் சாய்ந்த வெளிர் பச்சை. எம்.எஸ். நீலம் என்று கேட்டால் நம் ஊர்க் கடைக்காரரே நான்கு நீலத்தை எடுத்துப் போடுவார், இது என்ன செய்யும்?

மயில்கழுத்து ஒற்றை நிறமே இல்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். அதை "நீலப்பச்சை" என்று எழுதினால் பெயிண்ட் அடித்தது மாதிரி தட்டையாக வரும். மடிப்பின் மேட்டில் நீலம், பள்ளத்தில் பச்சை என்று இடம் பிரித்து எழுதினால் பத்துக்கு மூன்று படத்தில் சரியாக வருகிறது. நான் பார்த்தவரை அதற்கு மேல் வந்ததில்லை.

இன்னொன்று, நிறம் இடம் மாறும். மூன்று துணி, மூன்று நிறம் என்று ஒரே வாக்கியத்தில் அடுக்கினால் ரவிக்கை மஞ்சளாகும், தாவணி பச்சையாகும். ஒரு துணிக்கு ஒரு வாக்கியம். நிறத்தைத் துணியின் பெயரோடு ஒட்டியே வையுங்கள். அப்படியும் மாறினால் மறுபடி முழுப் படத்தையும் ஓட்டாதீர்கள். ரவிக்கையின் மேல் மட்டும் தடவிக் குறித்து, அதாவது மாஸ்க் போட்டு, அந்த இடத்தை மாற்றுங்கள்.

குன்னூர்க்காரி

எங்கள் கணினியில் அக்காள் மாப்பிள்ளை போட்டுக் கொடுத்த மாடல் 75 டோக்கன் வகைதான் என்கிறார். இப்போது அம்மாவின் பதில்கள். கழுத்து வட்டம். கை பஃப், முழங்கைக்கு இரண்டு விரல் மேலே. தாவணி வாயில் துணி. பாவாடை பட்டு, அடியில் ஒரே ஒரு ஜரிகைப் பட்டை, வேறு பூ வேலை எதுவும் கிடையாது. இதை அம்மாவிடம் கேட்டதில் ஒரு சண்டையும் கிளம்பிவிட்டது. பாவாடை அரக்கே இல்லை, மயில்கழுத்துதான் என்று பெரியம்மா ஒரே பிடி. கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டுமே ஒரே சாம்பல்.

கட்டு பற்றி யாராவது சொல்லுங்கள். "draped over left shoulder" என்று எழுதினால் இடுப்பில் கொசுவம் வைத்து முழுச் சேலையே வருகிறது.

கோத்தகிரி_தையல்கடை

கட்டு நான் சொல்கிறேன். என் வீட்டம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

தாவணியின் ஒரு முனையை முன்பக்கம், இடது இடுப்போரம் பாவாடைக்குள் சொருகணும். அங்கிருந்து முதுகுப் பக்கமாகச் சுற்றி வலது இடுப்பு வழியாக முன்னால் கொண்டுவந்து, மார்புக்குக் குறுக்கே ஏற்றி, இடது தோளில் போட்டுப் பின்னால் தொங்கவிடணும். துணி நீளம் குறைச்சல் என்றால் நேராக வலது இடுப்பிலேயே சொருகித் தொடங்குவதும் உண்டு. எப்படிக் கட்டினாலும் முன்னால் தெரிவது வலது இடுப்பிலிருந்து இடது தோளுக்குப் போகும் ஒரு சரிவுதான். வேலை செய்யும்போது பின்னால் தொங்கும் முனையை இழுத்து வலது இடுப்பில் சொருகிக்கொள்வார்கள். முன்னால் கொசுவம் என்பதே தாவணியில் கிடையாது, இரண்டரை மீட்டரில் அதற்குத் துணி ஏது? தோளில் வேண்டுமானால் நாலு மடிப்பு மடித்துப் பின் குத்துவார்கள். காலேஜ் போகிற பெண்கள் நிறையப் பேர் அப்படித்தான்.

பாவாடையும் குடை மாதிரி விரியாது. குடைக்குக் கலி வெட்டித் தைக்கணும். இது நேர்த்துணி, இடுப்பில் சுருக்கு வைத்தது. நேராகத்தான் விழும்.

இன்னொன்று கவனிக்கணும். வாயில் தாவணி என்றால் உள்ளே இருப்பது தெரியும். மஞ்சள் வாயிலுக்குப் பின்னால் பச்சை ரவிக்கை இருந்தால் அந்த இடம் மஞ்சளாகவும் தெரியாது, பச்சையாகவும் தெரியாது. எலுமிச்சைக்காய் மாதிரி ஒரு நிறம் வரும்.

கொடை_நிறக்காரன்

ஐயா கடைசியில் சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. அக்கா, முதலில் தாவணியை உள்ளே தெரியாத துணியாகவே எழுதுங்கள். மெல்லிய துணி என்று எழுதினால் இது உடனே வலைத் துப்பட்டாவுக்குப் போகும், நிறமும் குழம்பும். எல்லாம் சரியாக அமைந்தபிறகு, ரவிக்கைமேல் தாவணி படும் இடத்தை மட்டும் மாஸ்க் போட்டு, ஐயா சொன்ன எலுமிச்சைக்காய் நிறத்துக்கு மாற்றுங்கள்.

வந்தது தாவணிதானா என்று பார்க்க இடுப்பைப் பாருங்கள். நடு இடுப்பில் கொசுவம் இருந்தால் சேலை. துப்பட்டாவின் இரண்டு முனையும் சொருகப்படாமல் தொங்கினால் லெஹங்கா. முனை தோளுக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்து விழுந்தால் குஜராத்திக் கட்டு.

மிஸ்ட், ஊட்டி இரண்டையும் எடுத்துவிடுங்கள். பனிமூட்டம் என்றால் மாடல் படம் முழுக்க ஒரு நீலச் சாம்பலைப் பூசும். அரக்கு செத்துப்போகும், மஞ்சள் மோர் நிறத்துக்கு வரும். நம் ஊரில் நிஜமாகவே அப்படித்தானே, காலை மூட்டத்தில் எந்தப் பட்டும் வெளிறித்தான் தெரியும். முதலில் வெறும் சாம்பல் சுவர் முன்னால் உடையைச் சரிசெய்யுங்கள். பூங்கா பின்னால் வரட்டும்.

குன்னூர்க்காரி

இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். இப்போது ஓடுவது:

```
Painted portrait, Tamil woman aged 20, standing, front view.
Dull brownish-red silk skirt, gathered at waist, to the ankles, one plain gold band at hem.
Opaque deep yellow cloth from her right hip, flat across chest, over left shoulder, hanging behind.
Light green blouse, round neck, puffed elbow sleeves.
Plain grey wall.
```

எட்டில் மூன்று படம் நிஜமாகவே தாவணி! பெயரை எழுதாமலே வந்தது, கொடை தம்பி சொன்ன மாதிரி. ஒன்றில் ரவிக்கையும் மஞ்சளாகிவிட்டது, மாஸ்க் போட்டுச் சரிசெய்தேன். "elbow" என்ற சொல்லுக்குக் கை சரியாக முழங்கையில் நிற்கிறது, இரண்டு விரல் மேலே ஏற்ற முடியவில்லை. விட்டுவிட்டேன்.

ஒரு தொல்லை. நல்ல படத்தில் தாவணி வலது தோளில் கிடக்கிறது. "her left" என்று எழுதியும் கேட்கவில்லை.

வெல்லிங்டன்85

"viewer's right" என்று எழுதிப் பாருங்கள். எனக்கு அதுதான் ஓடும்.

கொடை_நிறக்காரன்

எனக்கு எதுவும் நம்பி ஓடியதில்லை. இடது வலது இதுகளுக்கு எப்போதும் தகராறு. படத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்பிவிடுங்கள், வேலை முடிந்தது. ஒன்றே ஒன்று, கைக்கடிகாரம், மூக்குத்தி, முகத்து மச்சம் இருந்தால் அதுவும் பக்கம் மாறும்.

குன்னூர்க்காரி

கடிகாரம் இருந்தது. திருப்பினால் வலது கைக்குப் போனது. கடிகாரத்தை அழித்துவிட்டுத் திருப்பினேன். அம்மாவின் முகத்தைப் பழைய படத்திலிருந்து அக்காள் மாப்பிள்ளை பொருத்திக் கொடுத்தார். முகத்தைத் திருப்பக் கூடாது என்பது அப்போதுதான் உறைத்தது. மச்சம் இடது கன்னத்தில். அதனால் உடை திருப்பியது, முகம் திருப்பாதது.

பெரியம்மாவுக்காக மயில்கழுத்திலும் ஒன்று ஓட்டினேன். பூண்டு அண்ணா, இறகு வரவில்லை! மேட்டில் நீலம், பள்ளத்தில் பச்சை என்று எழுதியதில் பட்டு மாதிரியே இருக்கிறது.

பூம்பாறை_பூண்டு

அந்த வரியை எனக்கு அனுப்புங்கள் அக்கா. தங்கைக்கு முகூர்த்தம் தையில்தான்.

குன்னூர்க்காரி

பரிசு ரகசியமாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அம்மா போனை எட்டிப் பார்த்துவிட்டார். அரக்குப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கட்டு சரி, கழுத்து சரி, பார்டர் சரி என்றார். அப்புறம், "அன்னிக்கு நல்ல குளிர்டி. ஸ்வெட்டரைக் கழட்டிக் கைல வெச்சுட்டுத்தான் படம் எடுத்தோம். அது எங்கே?" என்று கேட்டார்.

கையில் மடித்துப் போட்ட ஸ்வெட்டரை எப்படி எழுதுவது? எழுதியதும் அதை மேலே மாட்டிவிடுகிறது. ரவிக்கையே தெரியவில்லை.

கோத்தகிரி_தையல்கடை

அது எந்தக் கை, முதலில் அதைக் கேளுங்கள் பாப்பா. வீட்டில் கையால் பின்னியதா, கடையில் வாங்கியதா? கழுத்து வி-யா, முன்னால் பட்டனா? நிறம் என்ன?